‘மீதியில்’ என்னும் சொல்: தொடக்கப் பள்ளிக் குழந்தையின் பின்னக் கணக்கைத் திருத்துதலும் பிழையை எளிய மொழியில் விளக்குதலும்

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளில் பயிலும் குழந்தைகள் பின்னம் சார்ந்த வாக்கியக் கணக்குகளில் செய்யும் பிழைகளுள் ஒன்று, மீதியின் பங்கை மொத்தத்தின் பங்காகக் கொள்வதாகும். மதுரை வட்டாரப் பூ வணிகத்தை ஒட்டி வகைமாதிரியாக அமைக்கப்பட்ட ஒரு கணக்கையும் அதற்குரிய தவறான விடையையும் எடுத்துக்கொண்டு, அப்பிழை எவ்விடத்தில் நேர்கிறது, அதை எவ்வாறு இனங்காண்பது, குழந்தைக்கு எந்தச் சொற்களால் விளக்குவது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பிழை கணக்கீட்டில் இல்லை, ‘இல்’ உருபு ஏற்ற ஒரு சொல்லை வாசிப்பதில் உள்ளது என்பதும், குழந்தையின் விடை அண்டையிலுள்ள வேறொரு கணக்கின் சரியான விடை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பின்னம், வாக்கியக் கணக்கு, மீதி, இல் உருபு, மா, வீசம், பிழை ஆய்வு

முன்னுரை

ஒரு கணக்கின் விடை தவறு என்று காண்பதற்கு ஒரு நொடி போதும். அது ஏன் தவறாயிற்று என்று காண்பதற்குக் குழந்தை எழுதிய ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். நாற்பது நோட்டுகளை ஒரே அமர்வில் திருத்தும் ஆசிரியர் கடைசி வரியை மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் தவறுக் குறி இடுவது இயல்பே. ஆயினும் அக்குறி மேலேயுள்ள எல்லா வரிகளின் மீதும் விழுகிறது. சரியாக வகுத்த குழந்தை தனக்கு வகுத்தல் வராது என்று எண்ணிக்கொள்கிறது. உண்மையில் பிழைபட்ட ஒரு சொல் திருத்தப்படாமலேயே மேல் வகுப்புக்குச் சென்றுவிடுகிறது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் பாடம் வரும்போது அப்பிழை மீண்டும் தலைகாட்டுகிறது. ஏனெனில், ‘மீதியில் ஐந்தில் ஒரு பங்கு’ என்பது உண்மையில் ஒரு பின்னப் பெருக்கலே ஆகும்.

கணக்கும் குழந்தையின் விடையும்

மதுரை மல்லிகை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உதிரிப் பூவாகக் கிலோக் கணக்கில் விலைபோகும் அம்மல்லிகை, தொடுக்கப்பட்டுச் சரமானபின் தெருவில் முழக் கணக்கில் விற்கப்படுகிறது. இவ்வட்டாரக் குழந்தைகள் நாள்தோறும் காணும் இக்காட்சியை ஒட்டிக் கீழ்வரும் கணக்கு அமைக்கப்பட்டுள்ளது.

“பூக்காரம்மா ஒருவர் 40 முழம் மல்லிகைச் சரம் கொண்டுவந்தார். அதில் நான்கில் ஒரு பங்கைக் கோயில் வாசலில் விற்றார். மீதியில் ஐந்தில் ஒரு பங்கைப் பேருந்து நிலையத்தில் விற்றார். இப்போது அவரிடம் எத்தனை முழம் இருக்கும்?”

இதற்கு ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுதக்கூடிய வகைமாதிரி விடை பின்வருமாறு அமையும்.

40 ÷ 4 = 10
40 ÷ 5 = 8
10 + 8 = 18
40 − 18 = 22
விடை: 22 முழம்

இவ்விடையில் நான்கு வரிகள் உள்ளன. இரண்டு வகுத்தல்களும் சரி, கூட்டலும் சரி, கழித்தலும் சரி. நான்கில் ஒரு பங்கு என்றால் நான்கால் வகுக்க வேண்டும் என்பதும், விற்றவற்றைக் கூட்டி மொத்தத்திலிருந்து கழித்தால் மீதி கிடைக்கும் என்பதும் குழந்தைக்குத் தெரிந்திருக்கின்றன. எஞ்சுவது ஒரே ஒரு கேள்விதான்: இரண்டாம் வரியில் 40 ஏன் வந்தது?

சரியான வழி பின்வருவது.

40 ÷ 4 = 10
40 − 10 = 30
30 ÷ 5 = 6
30 − 6 = 24
விடை: 24 முழம்

இரண்டு வழிகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகும். முதல் வரி இரண்டிலும் ஒன்றே. சரியான வழியில் வகுப்பதற்கு முன்பே ஒரு கழித்தல் நிகழ்கிறது. குழந்தை அக்கழித்தலை இறுதிக்குத் தள்ளிவைத்துவிட்டது. அதனால் கோயில் வாசலிலேயே விற்றுப்போன 10 முழமும் பேருந்து நிலையத்தில் மீண்டும் பங்குபோடப்பட்டது. 10 முழத்தில் ஐந்தில் ஒரு பங்கு 2 முழம். சரியான விடைக்கும் குழந்தையின் விடைக்கும் உள்ள வேறுபாடும் மிகச் சரியாக அந்த 2 முழமே. இல்லாத சரத்திலிருந்து விற்கப்பட்ட 2 முழம் அது.

இரண்டு ‘இல்’ உருபுகள்

பிழையின் வேர் கணக்கின் மூன்றாம் வாக்கியத்தில் இருக்கிறது. ‘மீதியில் ஐந்தில் ஒரு பங்கை’ என்னும் தொடரில் ‘இல்’ உருபு இருமுறை வருகிறது. வடிவில் இரண்டும் ஒன்றே. செய்யும் வேலையோ வேறு. ‘மீதியில்’ என்பதிலுள்ள ‘இல்’, எந்த அளவைப் பங்கிட வேண்டும் என்று சொல்கிறது. ‘ஐந்தில்’ என்பதிலுள்ள ‘இல்’, அதை எத்தனை சம பங்காக்க வேண்டும் என்று சொல்கிறது. முன்னது பொருளைச் சுட்டும் ‘இல்’. பின்னது பங்கின் எண்ணிக்கையைச் சுட்டும் ‘இல்’.

தமிழில் பின்னத்தைச் சொல்லும் முறை இவ்வகையில் குழந்தைக்குத் துணையாகவே அமைந்துள்ளது. 1/5 என்று எழுதும்போது தொகுதி மேலே நின்று முதலில் கண்ணில் படுகிறது. ‘ஐந்தில் ஒன்று’ என்று சொல்லும்போதோ பகுதி முன்னே வருகிறது. முழுப்பொருள், பங்குகளின் எண்ணிக்கை, எடுத்துக்கொண்ட பங்கு என்ற வரிசை, கையால் செய்யும் வேலையின் வரிசையோடு ஒத்துப்போகிறது. சரத்தை முதலில் கையில் எடுக்க வேண்டும். பின்பு ஐந்தாக மடிக்க வேண்டும். அதன்பின் ஒரு மடிப்பை வெட்ட வேண்டும். ‘மீதியில் ஐந்தில் ஒரு பங்கு’ என்னும் தொடர் இம்மூன்று செயல்களையும் அதே வரிசையில் கூறுகிறது.

அப்படியிருந்தும் குழந்தை ‘மீதியில்’ என்பதைத் தவறவிடுவது ஏன்? முதல் வாக்கியத்திலுள்ள எண் 40. இரண்டாம் வாக்கியத்தில் நான்கு என்னும் எண் உண்டு. மூன்றாம் வாக்கியத்தில் ஐந்து என்னும் எண் உண்டு. ‘மீதி’ மட்டும் எண்ணாக எழுதப்படவில்லை. எண்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கணக்கிடப் பழகிய கண்ணுக்கு ‘மீதியில்’ என்பது கதையின் பகுதியாகத் தெரிகிறதே ஒழிய, கணக்கின் பகுதியாகத் தெரிவதில்லை. அச்சொல்லுக்குள் 30 என்னும் எண் மறைந்திருக்கிறது என்பதை யாரேனும் ஒருமுறை காட்ட வேண்டியிருக்கிறது.

மரபு இட்ட இரண்டு பெயர்கள்

மொத்தத்தின் பங்கும் மீதியின் பங்கும் வெவ்வேறு கணக்குகள் என்னும் தெளிவு புதியதன்று. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் தம் கணிதசாரசங்கிரகத்தில் இவற்றை இரு வேறு வகைகளாகப் பிரித்து, பாகஜாதி, சேஷஜாதி என்று பெயரிட்டார். சேஷம் என்பது மீதி. மு. ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அந்நூல் 1912இல் சென்னையில் அச்சேறியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் எளிதில் நேரக்கூடியது என்பதை இத்தனிப் பெயர்கள் உணர்த்துகின்றன எனலாம்.

தமிழ்ப் பின்ன மரபில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்யப்பட்ட கீழ்வாய் இலக்கத்தில் ஒரு மா என்பது 1/20. கால் என்பது ஐந்து மா. நாலுமா என்பது 1/5. பூக்காரம்மாவின் 40 முழத்தை ஒன்று எனக் கொண்டால் ஒரு மா 2 முழமாகும். கோயில் வாசலில் விற்றது கால், அதாவது ஐந்து மா. எஞ்சியது முக்கால், அதாவது பதினைந்து மா. இப்பதினைந்தில் ஐந்தில் ஒரு பங்கு மூன்று மா, அதாவது மும்மா. இறுதியில் எஞ்சுவது பன்னிரண்டு மா. அது 24 முழம்.

குழந்தை செய்த கணக்கை இதே அளவில் எழுதிப் பார்க்கலாம். கால் ஐந்து மா, ஐந்தில் ஒரு பங்கு நாலுமா, ஆக விற்றது ஒன்பது மா, எஞ்சியது பதினொரு மா. மும்மா வர வேண்டிய இடத்தில் நாலுமா வந்துவிட்டது. பிழை முழுவதும் இந்த ஒரு மாவில் அடங்கிவிடுகிறது. மா, காணி, வீசம் முதலிய பெயர்கள் எப்போதும் முழு ஒன்றின் பங்கையே குறிப்பவை. ஆகவே மீதியின் பங்கைச் சொல்ல வேண்டுமானால் வேறொரு பெயருக்கு மாறியே ஆக வேண்டும். முக்காலின் ஐந்தில் ஒரு பங்குக்கு மும்மா என்னும் தனிப்பெயர் உண்டு. இன்றைய எழுத்து முறையில் இரண்டு இடத்திலும் 1/5 என்றே எழுதப்படுவதால் இம்மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. திண்ணைப் பள்ளிகளில் நினைவாற்றலே கற்றலின் அடிப்படையாக இருந்ததைச் செந்தில் பாபு தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியுள்ளார். அம்மனனமுறைக்குத் திரும்ப வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. அப்பெயர்கள் வெளிப்படையாகக் காட்டிய ஒன்றை இன்றைய குறியீடு மறைக்கிறது என்பதே கருத்து.

மரபின் எச்சமொன்று இன்றும் பேச்சில் வழங்குகிறது. ஏறத்தாழ முழுவதும் என்னும் பொருளில் ‘முக்காலே மூணு வீசம்’ என்பர். வீசம் 1/16. முக்கால் போனபின் எஞ்சுவது கால், அதாவது நான்கு வீசம். அந்நான்கு வீசத்தில் முக்கால் பங்கு மூன்று வீசம். ஆகவே முக்காலும், மீதியில் முக்காலும் சேர்ந்ததே முக்காலே மூணு வீசம் என்று இதை வாசிக்க முடியும். மீதியில் எடுத்த முக்கால் பங்கு முழுப்பொருளில் மூன்று வீசமே என்பது இத்தொடரிலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டில் பாட்டி சொல்லக் கேட்ட குழந்தைக்கு இது நல்ல சான்றாகும்.

பிழை நேர்ந்த இடத்தைக் காணுதல்

வாக்கியக் கணக்கில் தவறும் குழந்தை எந்தப் படியில் தவறியது என்று காண ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் ஐந்து படிகளை வகுத்தார்: வாசித்தல், பொருளுணர்தல், கணக்காக மாற்றுதல், கணக்கிடுதல், விடையை எழுதுதல். குழந்தையைக் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்வது, என்ன கேட்கப்படுகிறது என்று கேட்பது, எப்படிச் செய்யப்போகிறாய் என்று கேட்பது, செய்து காட்டச் சொல்வது, விடையை முழு வாக்கியமாகச் சொல்லச் செய்வது என அவை வகுப்பறையில் ஐந்து வேண்டுகோள்களாகின்றன. முதன்முதலாகத் தவறும் படியே விளக்கம் தேவைப்படும் படி.

40 முழக் கணக்கில் இறுதி விடையே பல வேளைகளில் படியை ஓரளவு காட்டிவிடும். 22 என்றால் மீதியின் பங்கு மொத்தத்தின் பங்காகக் கொள்ளப்பட்டது. 28 என்றால், விற்ற 10 முழத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு எடுக்கப்பட்டது. ‘மீதி’ என்னும் சொல்லே தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. 25 என்றால் ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்பது ஐந்து முழம் என வாசிக்கப்பட்டு 30இலிருந்து கழிக்கப்பட்டது. இங்கே தடுமாறியது இரண்டாவது ‘இல்’. 16 என்றால் கணக்கு முழுவதும் சரி, ஆனால் எஞ்சியதற்குப் பதிலாக விற்றது எழுதப்பட்டது. 30 அல்லது 6 என்றால் குழந்தை நடுவழியில் நின்றுவிட்டது.

இவ்வாறு ஒவ்வொரு பிழைக்கும் ஒவ்வொரு எண் கிடைப்பது தற்செயலன்று. கணக்கில் எண்களைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு. எடுத்துக்காட்டாக, 24 முழத்தில் மூன்றில் ஒரு பங்கும் மீதியில் நான்கில் ஒரு பங்கும் விற்கப்பட்டதாகக் கணக்கு அமைந்தால், விற்றது 8 + 4 = 12, எஞ்சியதும் 12. விற்றதையே விடையாக எழுதிய குழந்தையும் முழு மதிப்பெண் பெற்றுவிடும். மறுபுறம், 60 மூட்டையில் மூன்றில் ஒரு பங்கும் மீதியில் எட்டில் ஒரு பங்கும் என்றால், தவறான வழியில் செல்லும் குழந்தை 60ஐ எட்டால் வகுக்க முடியாமல் நின்று, 40ஐ எட்டால் வகுத்துப் பார்த்து, புரியாமலேயே சரியான விடையை அடையக்கூடும். முதற்கணக்கில் ஒரு பிழை ஒளிந்துகொள்கிறது. இரண்டாம் கணக்கில் எண்ணே குழந்தைக்கு விடையைக் காட்டிக்கொடுக்கிறது. பிழையைக் காண விரும்பும் கணக்கில் தவறான வழியும் தடையின்றிச் செல்ல வேண்டும்; அதன் முடிவு மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

எண் மட்டும் போதாத நேரங்களும் உண்டு. “பூ வாடிரும் டீச்சர், மிச்சத்தையும் வித்துருவாங்க, ஒண்ணும் இருக்காது” என்று பூக்கட்டும் வீட்டுக் குழந்தை சொல்லலாம். இது கணக்குப் பிழையன்று, வாழ்க்கை அறிவு. அதனைப் பிழையெனத் தள்ளாமல், “சரிதான். பஸ் ஸ்டாண்டுல வித்து முடிச்ச அந்த நேரத்துல எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டாலே போதுமானது.

குழந்தைக்கு விளக்குதல்

22 என எழுதிய குழந்தையிடம் முதலில் செய்ய வேண்டியது, சரியாக உள்ள வரிகளை ஒவ்வொன்றாகக் குறியிட்டுக் காட்டுவதாகும். இது மனம் நோகாமலிருப்பதற்காக மட்டும் செய்யப்படுவதன்று. சரியான வரிகளை ஒதுக்கிவிட்டால், பார்க்க வேண்டிய இடம் ஒன்றே என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். அதன்பின் உரையாடல் ஏறத்தாழ இவ்வாறு செல்லலாம்.

“வகுத்தது எல்லாம் சரியா இருக்கும்மா. கூட்டினதும் சரி. இந்த ரெண்டாவது வரிய மட்டும் பாப்போம். இங்க 40 எப்படி வந்துச்சு?”

“40 முழம் கொண்டுவந்தாங்கள்ல டீச்சர்.”

“ஆமா. பஸ் ஸ்டாண்டுக்குப் போறப்ப அவங்க கூடையில எத்தனை முழம் இருந்துச்சு?”

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த ஒரு கேள்வியே போதும். எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இப்போது கூடையைப் பார்க்கிறது. 10 போனால் 30 என்று தானே சொல்லிவிடும். சொல்லவில்லையெனில் 40 புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பலாம். அவற்றைப் பத்துப் பத்தாக நான்கு வரிசையாக அடுக்கச் சொல்ல வேண்டும். ஒரு வரிசையைக் கோயில் வாசலில் விற்றதாக எண்ணி ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட வேண்டும். “இப்ப தரையில இருக்கிறத அஞ்சு சமமான குவியலாப் போடு” என்றால் ஒவ்வொரு குவியலிலும் ஆறு கொட்டை விழும். எட்டு விழ வழியில்லை. ஏனெனில் டப்பாவுக்குள் இருப்பவை கைக்கு எட்டா.

இம்முறையின் வலிமையும் வரம்பும் அதே இடத்தில்தான் உள்ளன. கொட்டைகளைக் கொண்டு செய்யும்போது இப்பிழையைச் செய்யவே முடியாது. ஆனால் தாளுக்குத் திரும்பும்போது 40 என்னும் எண் டப்பாவுக்குள் போய்விடுவதில்லை. முதல் வரியில் எழுதப்பட்டே இருக்கிறது. கொட்டையில் சரியாகச் செய்த குழந்தை அடுத்த கணக்கைத் தாளில் பழையபடியே செய்வது இதனால்தான். ஆகவே செயலோடு நிறுத்தாமல் சொல்லுக்கு வர வேண்டும். கணக்கை மீண்டும் வாசிக்கச் செய்து, ‘மீதியில்’ என்பதன் கீழே கோடிட்டு, அதன் மேலே 30 என்று குழந்தையின் கையாலேயே எழுதவைப்பது நன்று. எண்ணில்லாத சொல்லுக்கு எண் கிடைத்துவிட்டது. இனி மூன்றாம் வாக்கியம் ‘30இல் ஐந்தில் ஒரு பங்கு’ என்று வாசிக்கப்படும். தொடரில் எங்கே ‘இல்’ வந்தாலும் “எதில்?” என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் இதிலிருந்து பிறக்கும்.

இதையடுத்து வருவதே விளக்கத்தின் மையம். ஆசிரியர் கணக்கின் கீழே இரண்டாவது கணக்கொன்றை எழுத வேண்டும். எல்லாச் சொற்களும் அவையே. ‘மீதியில்’ என்பதற்குப் பதிலாக ‘கொண்டுவந்த மொத்தச் சரத்தில்’ என்றிருக்கும். இதற்கு விடை என்ன என்று கேட்டால் 10, 8, 18, 22 எனக் குழந்தையின் பழைய வரிகளே வரிசையாக வரும். “பாத்தியா, நீ எழுதினது இந்தக் கணக்குக்குச் சரியான விடை. புத்தகத்துல இருக்கிறது அந்தக் கணக்கு” என்று சொல்லும்போது குழந்தையின் உழைப்பு எதுவும் வீணாவதில்லை. தவறு என்று மட்டும் அறிந்திருந்த குழந்தை, ஒரு சொல் மாறினால் ஒரு கணக்கே மாறிவிடுகிறது என்று இப்போது அறிகிறது. மகாவீரர் இரண்டு பெயரிட்டுப் பிரித்ததைக் குழந்தை இரண்டு கணக்கை அருகருகே வைத்துக் காண்கிறது.

நோட்டில் எழுதும் குறிப்பும் இதற்கேற்பச் சுருங்கலாம். ‘கவனமாகச் செய்’ என்னும் குறிப்பு குழந்தை எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. ‘வகுத்தல், கூட்டல், கழித்தல் சரி. ஐந்தில் ஒரு பங்கு எதில்?’ என்னும் குறிப்பு அதைச் சொல்கிறது. விடையைத் தராமல் இடத்தை மட்டும் காட்டுகிறது.

புரிந்ததா என்று அறிதல்

“புரிஞ்சுச்சா?” என்னும் கேள்விக்கு எல்லாக் குழந்தைகளும் தலையாட்டும். புரிந்ததை அறியக் கதைக்களம் மாறிய ஒரு கணக்கு வேண்டும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் குழந்தைகளுக்கு நெல் பழக்கமானது. “அறுவடையில் 72 மூட்டை நெல் கிடைத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொள்முதல் நிலையத்தில் விற்றனர். மீதியில் எட்டில் ஒரு பங்கை விதைநெல்லாக எடுத்துவைத்தனர். எஞ்சியது எத்தனை மூட்டை?” சரியான வழியில் 24 போக 48, அதில் 6 போக 42. பழைய பிழை மீண்டும் நேர்ந்தால் 24 + 9 = 33 போக 39 வரும். 42 எழுதிய குழந்தையிடம், “39 வருமாறு இந்தக் கணக்கை மாற்றி எழுது” என்று கேட்பது இன்னும் நம்பத்தக்க சோதனையாகும். ‘மீதியில்’ என்பதை ‘மொத்த நெல்லில்’ என்று மாற்றத் தெரிந்த குழந்தைக்கு இனி இப்பாடத்தில் விளக்கம் தேவையில்லை.

பிழை குழந்தையுடையதாக இல்லாமலும் இருக்கலாம். ‘நான்கில் ஒரு பங்கைக் காலையில் விற்றார். பிறகு ஐந்தில் ஒரு பங்கை விற்றார்’ என்று வினா அமைந்தால் முதல் ‘இல்’ அங்கே இல்லை. எதில் ஐந்தில் ஒரு பங்கு என்பதை வினாவே சொல்லவில்லை. இத்தகைய வினாவுக்கு 22, 24 ஆகிய இரு விடைகளுமே ஏற்கத்தக்கவை. திருத்தப்பட வேண்டியது அப்போது வினாவே ஆகும்.

முடிவுரை

மீதியின் பங்கை மொத்தத்தின் பங்காகக் கொள்ளும் பிழை கணக்கிடும் திறனின் குறையால் நேர்வதன்று. ‘மீதியில்’ என்னும் சொல் எண்ணின்றி நிற்பதாலும், இரு இடங்களிலும் பின்னம் ஒரே குறியீட்டால் எழுதப்படுவதாலும் நேர்கிறது. மா, வீசம் முதலிய மரபுப் பெயர்கள் வெளிப்படுத்திய வேறுபாட்டை இன்று ‘எதில்?’ என்னும் கேள்விதான் வெளிப்படுத்த வேண்டியுள்ளது. குழந்தையின் விடை எந்தக் கணக்குக்குச் சரியான விடையோ அக்கணக்கைக் கண்டறிந்து, உரிய கணக்கின் அருகே எழுதிக் காட்டும்போது, ஆசிரியர் விளக்க வேண்டியது ஒரு சொல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 40 முழத்தில் 2 முழம் எங்கே போயிற்று என்பதற்கு அந்த ஒரு சொல்லே விடை.